அறுபது நொடி என்று எழுதியவர்

கருவியைக் காட்டி முடித்து பெட்டியை மூடும்போதுதான் மேசை ஓரத்தில் கிடந்த அந்த அட்டையை அவள் பார்த்தாள். நீல நிற விளம்பர அட்டை. மூலையில் பெயரும் பதவியும் அச்சிட்ட சின்னச் சீட்டு, ஊசி போட்டுக் குத்தியிருந்தது. பெயரைப் படித்ததும் அவள் கை பெட்டியின் கொக்கியிலேயே நின்றுவிட்டது.

"இவங்களும் வந்தாங்களா மேடம்?" என்று குரலில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள்.

"முந்தாநாள் வந்தாங்க" என்றார் மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. வெள்ளை மேலங்கியின் பையில் இரண்டு பேனா, கழுத்தில் சாவிக்கொத்து. "பெரிய திரையெல்லாம் கொண்டுவந்து முக்கால் மணி நேரம் பேசினாங்க. போகும்போது அந்த சார் ரெண்டு கையாலயும் என் கையப் பிடிச்சுக் குலுக்கினாரு. விடவே மாட்டேன்னுட்டாரு."

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஆறு வருடம் ஆகியும் ஆள் மாறவில்லை. அவரிடம் வேலை பார்த்த காலத்தில் விற்பனைப் பிரிவு முழுக்க அவருக்குக் 'கைகுலுக்கி' என்றுதான் பெயர்.

இரண்டு நிறுவனங்களும் விற்பது குளிர் அறைகளில் வைக்கும் கண்காணிப்புக் கருவி. தடுப்பூசி, இன்சுலின் போன்ற மருந்துகள் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். அறை சூடாகத் தொடங்கினாலோ மின்சாரம் போனாலோ கருவி பொறுப்பாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். ஆறு வருடத்துக்கு முன் இதே போன்ற கருவியை அவள் கைகுலுக்கிக்குக் கீழே விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு மருந்து வியாபாரி, "கரண்ட் போனாலும் செய்தி வருமா?" என்று கேட்டார். அவள் கைகுலுக்கியிடம் கேட்டாள். "வரும்னு எழுதும்மா. அடுத்த மாசம் பேட்டரி வெச்ச மாடல் வந்துடும்" என்றார் அவர் போனில். அவள் எழுதினாள், தன் பெயரில். பேட்டரி மாடல் வரவில்லை. மின்சாரம்தான் போனது. வியாபாரியின் மருந்து ஒரு லாரி அளவுக்குக் கெட்டது. விசாரணையில் கைகுலுக்கி மேசைமேல் இரு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நல்லா வேலை செய்ற பொண்ணு, ஆர்டர் ஆசையில எழுதிட்டா போல" என்றார். சொன்னதற்குச் சாட்சி இல்லை. போன் பேச்சுக்கு ஏது காகிதம். அன்று மதியமே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். தினமும் அவளுக்கு வணக்கம் சொல்லும் காவலாளி, வாசலில் அவள் பையைத் திறந்து சோதித்தார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

"அட்டையப் பார்க்கலாமா மேடம்?"

"பாருங்க. எனக்கு இதுல பாதி புரியல."

அவள் புரட்டினாள். வண்ணப்படங்கள், வளைந்து ஏறும் கோடுகள். நான்காம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'உங்கள் கட்டடத்தின் வைஃபையுடன் எளிதில் இணையும். தனி சிம் கார்டு தேவையில்லை.' இன்னொரு வரி: 'எட்டு மணி நேர உள் பேட்டரி.'

பேட்டரி வைத்துவிட்டார்கள். ஆனால் செய்தி போகும் வழி கட்டடத்தின் வைஃபை. மின்சாரம் போனால் வைஃபை பெட்டியும் அணையும். கருவி உயிரோடு இருந்து என்ன பயன், பூட்டிய கிடங்குக்குள் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும். அவள் அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"உங்க பிரச்சினைய அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். உங்ககிட்ட சொன்ன அதே சனிக்கிழமை கதைதான், கரண்ட் போனது திங்கட்கிழமைதான் தெரிஞ்சுதுன்னு. 'அதெல்லாம் எங்க சிஸ்டத்துல வந்துடும் மேடம்'னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டாரு."

காரில் ஏறியதும் கருவி பொருத்துபவரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் நாலு வருடமாக ஒரே சின்ன நிறுவனத்தில் வேலை. அவள் விற்பாள், அவர் பொருத்துவார். அவளைவிட ஐந்து வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவள் தம்பி என்பாள்.

"அந்த அம்மாகிட்ட நேராவே சொல்லிடலாமேக்கா, கரண்ட் போனா அவங்க வைஃபை வேலை செய்யாதுன்னு."

"சொன்னா என்ன ஆகும்? அந்த அம்மா அவருக்குப் போன் போட்டுக் கேப்பாங்க. அவர் 'அதுக்கென்ன மேடம், சிம் போட்ட மாடல் தரேன்'னு கொண்டுவந்து நிறுத்துவாரு. திரும்பவும் கையப் பிடிச்சுக் குலுக்குவாரு. வேணாம் தம்பி. அவர் விழணும். நாலு பேர் பார்க்க விழணும்."

தம்பி வண்டியை எடுத்தார்.

அலுவலகம் என்பது ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. மதியம் மூன்று மணிக்கு அவள் கணினி முன் உட்கார்ந்தாள். கருவி காட்டிவிட்டு வந்தால் அன்று மாலைக்குள் மெயில் போய்விட வேண்டும் என்பது அவள் வழக்கம். ஆறிப்போன பிறகு போகும் மெயிலை யாரும் படிப்பதில்லை. வழக்கமாக இருபது நிமிடம் ஆகும். அன்று ஒன்றரை மணி நேரம் எழுதினாள். விரல்கள் தாமாகவே ஓடின. அந்த நிறுவனத்தின் கருவியில் என்னென்ன குறை, முன்பு எங்கே எப்படி ஏமாற்றினார்கள், அந்தப் பிரிவின் தலைவரை ஏன் நம்பக்கூடாது என்று பொங்கி வந்தது. எழுதி முடித்தபோது உடம்பு லேசாகிவிட்டது போல இருந்தது.

"படிச்சுப் பாருங்க தம்பி."

தம்பி நின்றபடியே படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை.

"இதுல அவங்க கம்பெனி பேர் ஏழு தடவ வருது. அந்த அம்மா சொன்ன சனிக்கிழமை ஒரு தடவகூட வரல."

அவளுக்குச் சுருக்கென்றது. திரும்பப் படித்தாள். உண்மைதான். பொறுப்பாளர் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னபோது சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. மெயிலில் அந்தப் பெண்மணியே இல்லை. கைகுலுக்கியும் அவளும்தான் இருந்தார்கள்.

முழுவதையும் அழித்தாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து குறிப்பேட்டைத் திறந்தாள். கிடங்கில் உட்கார்ந்து பொறுப்பாளர் பேசப் பேச அவர் வார்த்தையிலேயே எழுதி வைத்திருந்த பக்கம். பிறகு இதை எழுதினாள்:

'வணக்கம் மேடம்.

இன்று காலை நீங்கள் சொன்னது இது. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் ஓடவில்லை. திங்கள் காலை எட்டு பத்துக்குக் கதவைத் திறந்தபோதுதான் உங்களுக்குத் தெரிந்தது. இடையில் நாற்பத்திரண்டு மணி நேரம். "எனக்கு வரைபடம் வேண்டாம், என் போன் அடிக்கணும்" என்றீர்கள்.

ஒரே ஒரு அடுத்த படியை முன்வைக்கிறேன். வியாழக்கிழமை காலை குளிர் அறையைக் காலி செய்து கழுவுவீர்கள் என்று சொன்னீர்கள். கழுவி முடித்ததும், மருந்தை உள்ளே வைப்பதற்கு முன், கட்டடத்தின் மெயின் மின்சாரத்தை அரை மணி நேரம் அணைப்போம். உங்கள் கைப்பேசி உங்கள் கையில் இருக்கட்டும். அது அடிக்கிறதா என்று பார்ப்போம்.

நீங்கள் பார்க்கும் மற்ற நிறுவனங்களின் கருவிகளையும் அதே நேரத்தில் வைத்தால் ஒப்பிட எளிதாக இருக்கும். எத்தனை நேரத்தில் செய்தி வரும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஒரு வரியில், தங்கள் பெயரிட்டு, எழுதித் தந்துவிடலாம். எங்கள் வரி: ஐந்து நிமிடத்துக்குள்.

வியாழன் காலை பத்து மணி உங்களுக்குச் சரியா?'

கீழே தன் பெயர், கைப்பேசி எண். இணைப்பு எதுவும் இல்லை.

"ரெண்டு நிமிஷம்னு எழுதலாமே. நம்மளோடது சிம் வழியா ரெண்டு நிமிஷத்துல வருது" என்றாள்.

"அஞ்சே இருக்கட்டும்க்கா. டவர் நம்ம மாமனார் வீட்டு டவரா, சொன்ன நேரத்துக்கு அனுப்புறதுக்கு" என்றார் தம்பி. பிறகு திரையைச் சுட்டிக்காட்டினார். "இந்தப் 'பெயரிட்டு'தான் உங்க ஊசி. இல்லையா?"

"ஆமா. அந்த ஆள் இந்தத் தடவ போன்ல சொல்லக் கூடாது. எழுதணும்."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மெயில் போனது. ஐந்தரைக்குப் பதில் வந்தது. 'வியாழன் பத்து மணி சரி. மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன். நான் சொன்னதை எழுதி வைத்திருந்ததற்கு நன்றி.'

வீட்டில் அவள் கணவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர். மாலை நான்கரைக்கு வந்துவிடுவார், சமையல் அவர் பொறுப்பு. அவள் சொன்னதைக் கத்தியை நிறுத்தாமல் கேட்டார்.

"நம்ம கருவி சொதப்பிச்சுன்னா?"

"சொதப்பாது."

"சொதப்பிச்சுன்னா அந்த ஆள் முன்னாடி நீ ரெண்டாவது தடவ நிப்ப. அதையும் யோசிச்சியா?"

அவள் யோசிக்கவில்லை. அந்த மூன்று நாளும் யோசித்தாள்.

வியாழக்கிழமை குளிர் அறை காலியாக, ஈரமாக இருந்தது. இரும்பு அடுக்குகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். கழுவப் போட்ட மருந்தின் வாடை. தம்பி அவர்கள் கருவியை அறைக்குள் மாட்டினார், சோப்புப்பெட்டி அளவு, பக்கத்தில் சின்ன ஆன்டெனா. பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கைகுலுக்கி வந்தார். தலைமுடி கொஞ்சம் நரைத்திருந்தது, வாசனை மாறவில்லை. பின்னால் கட்டம் போட்ட சட்டையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு விற்பனையாளர், அவளுடைய வயதுதான் இருக்கும், கருவிப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார்.

கைகுலுக்கி அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினார். அடுத்த கணம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"அடடே, எத்தன வருஷமாச்சு. நல்லா இருக்கியாம்மா? நம்மகிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணு மேடம் இது."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஆமா மேடம். நிறைய கத்துக்கிட்டேன்."

நீட்டிய கைகள் வெறுமனே சற்று நேரம் நின்று பிறகு கோட்டுப் பைக்குள் போயின. கட்டம் போட்ட சட்டைக்காரர் தங்கள் கருவியை மாட்டிக் கட்டடத்தின் வைஃபையோடு இணைத்தார். அவர் முகம் வெளிறி இருந்தது. இணைத்துவிட்டு நடைக்கூடத்தில் அலமாரி மேல் இருந்த வைஃபை பெட்டியை ஒருமுறை பார்த்தார், கைகுலுக்கியை ஒருமுறை பார்த்தார். கைகுலுக்கி பொறுப்பாளரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பொறுப்பாளர் கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். "ரெண்டு பேரும் எழுதித் தந்தத பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். இவங்க அஞ்சு நிமிஷம். நீங்க..." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'எந்தச் சூழலிலும், மின்தடை உட்பட, அறுபது நொடிக்குள் உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வரும் என உறுதியளிக்கிறேன்.' கீழ உங்க பேரு, பதவி."

"அறுபதுகூட ஜாஸ்தி மேடம்" என்றார் கைகுலுக்கி.

பத்து ஏழுக்கு மின்பணியாளர் மெயின் கைப்பிடியை இறக்கினார். விளக்குகள் போயின. குளிரூட்டியின் இரைச்சல் நின்றதும் கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. எல்லோரும் சரக்கு இறக்கும் மேடைக்கு வந்து வெளிச்சத்தில் நின்றார்கள். பொறுப்பாளர் கைப்பேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே கைகுலுக்கியின் கருவி உடனே கீச்சிடத் தொடங்கியது. கனத்த கதவைத் தாண்டிச் சன்னமாகக் கேட்டது.

"கேக்குதா மேடம்? பத்து செகண்ட்கூட ஆகல" என்றார் அவர்.

"காதுல கேக்குது. போன்ல வரலயே."

ஒரு நிமிடம். அறுபது நொடி தாண்டியது. இரண்டு நிமிடம். கைப்பேசி ஊமையாகக் கிடந்தது. இரண்டு செய்திகளில் எதுவும் வரவில்லை. அவள் தம்பியைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டுக் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டரை. மூன்று. பை சோதித்த வாசல் கண்முன்னால் வந்தது. இந்த ஆள் பார்க்க இன்னொரு வாசலா என்று நினைத்தாள். மூன்றரை. கைகுலுக்கி அவள் பக்கம் திரும்பி அனுதாபமாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காகவே அவரைப் படியிலிருந்து தள்ளிவிடலாம் என்றிருந்தது.

மூன்று நிமிடம் ஐம்பது நொடியில் கைப்பேசி அடித்தது.

பொறுப்பாளர் படித்தார். "'குளிர் அறை ஒன்று. மின்சாரம் இல்லை. பத்து ஏழு.' இது உங்களோடது." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. மற்ற செய்தி வரவே இல்லை. கருவி மட்டும் உள்ளே விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"நெட்வொர்க் பிரச்சினை போல" என்றார் கைகுலுக்கி.

"அதே நெட்வொர்க்லதான் அவங்களோடது வந்துச்சு" என்றார் பொறுப்பாளர்.

கைகுலுக்கி மெதுவாகக் கட்டம் போட்ட சட்டைக்காரர் பக்கம் திரும்பினார். அவர் திரும்பிய விதத்திலேயே அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரல்கள் விரிந்தன. குரல் தேனாயிற்று.

"இது புதுசா சேர்ந்தவர் செஞ்ச செட்டிங் மேடம். ரூட்டருக்குத் தனி பேட்டரி வைக்கணும்னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும், விட்டுட்டாரு. அந்த அறுபது செகண்டும் இவர் எழுதினதுதான். ஆர்டர் ஆசையில எழுதிட்டாரு போல."

அதே வார்த்தைகள். ஆறு வருடத்தில் ஒரு சொல்கூட மாற்றவில்லை.

பொறுப்பாளர் தாளை மறுபடி எடுத்தார். "இதுல அவர் பேர் இல்லையே. உங்க பேர்தான் இருக்கு. உங்க மெயில்ல இருந்துதான் வந்துச்சு. நாளைக்கு எங்க தரக்கட்டுப்பாட்டுல கேட்டா நான் பேச்சக் காட்ட முடியாது சார். காகிதத்தத்தான் காட்டணும்."

மேடையில் நின்ற மின்பணியாளர், கழுவும் பெண்கள் இருவர், தம்பி, எல்லோரும் கைகுலுக்கியையே பார்த்தார்கள். அவர் கழுத்து சிவந்து, காது சிவந்து, கடைசியில் முகமே சிவந்தது. அவளுக்கு அது பாயசம் குடிப்பது போல இனித்தது. அவசரப்படாமல், ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அவர்கள் போன பிறகு பொறுப்பாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அது வேலை செய்யாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அதனாலதான் எல்லாரையும் கூப்பிடச் சொன்னீங்க. சரியா?"

"சரிதான் மேடம்."

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்." அவள் சாக்குச் சொல்ல நினைக்கவில்லை. "எனக்கும் அவருக்கும் ஒரு பழைய பாக்கி இருந்துச்சு. ஆனா உங்க பிரச்சினைக்கு இந்தச் சோதனை வேணும்தான். அத நான் பொய்யா எழுதல."

பொறுப்பாளர் பேனாவை எடுத்தார். "வேணாம்னு அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதணும். சோதனை முடிவோட."

"அவங்க தலைமை அலுவலகத்துக்கும் ஒரு காப்பி போட முடியுமா மேடம்?"

"ஏன்?"

"போன தடவ என்கிட்ட காகிதம் இல்ல."

கடிதம் இரண்டு இடத்துக்கும் போனது, அந்த அறுபது நொடித் தாளின் நகலோடு. அடுத்த திங்கட்கிழமை தம்பி கிடங்கின் நான்கு அறைகளிலும் கருவி பொருத்தினார். அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். கணவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான்தாங்க. அன்னைக்குக் கிடங்குக்கு வந்தேனே. கண்ணாடி போட்டவன்." குரல் கரகரத்தது. "என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. உங்களுக்கு அத சொல்லணும்னு தோணுச்சு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்களையா? தாள்ல அவர் பேர்தானே இருந்துச்சு."

"அவர் மெயிலத் திறந்து நான்தான் அனுப்பிட்டேன்னு தலைமை அலுவலகத்துல சொல்லிட்டாரு. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும், எல்லா மெயிலும் நான்தான் டைப் பண்ணுவேன். நம்பிட்டாங்க. அவர் அங்கதான் உக்கார்ந்திருக்காரு. உங்க ரெண்டு பேர் சண்டையில நடுவுல நான் எதுக்குங்க?"

வீட்டில் அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அந்த ஆள் மூஞ்சி சிவந்தது இன்னும் இனிக்குது. இவர் சொன்னது தொண்டையில நிக்குது. ரெண்டும் அதே ஒரு மெயில்லதான் வந்துச்சு" என்றாள் கணவரிடம்.

"உனக்கு அப்ப யாராவது ஒருத்தர் போன் பண்ணியிருந்தா என்ன கேட்டிருப்ப?" என்றார் அவர். சோற்றை அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டார். "அத போய் இவருக்குப் பண்ணு."

மறுநாள் காலை அவளே அழைத்தாள். "உங்களுக்கு அந்த ஆள் சொன்னதெல்லாம் போன்லயா, இல்ல எழுத்துல ஏதாவது இருக்கா?"

"கைப்பேசியில ஒண்ணு இருக்கு" என்றார் அவர் தயங்கி. "மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி நான் அவருக்கு மெசேஜ் போட்டேன். 'சார், மெயின அணைச்சா ரூட்டர் அணையும். செய்தி போகாது. அறுபதுன்னு எழுத வேணாம்.' அதுக்கு அவர் பதில் போட்டாரு."

"என்னன்னு?"

"'எழுது. கருவி கீச்சிட்டாப் போதும், அவங்களுக்கு எங்க தெரியப்போகுது.'"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஆறு வருடம் தேடிய காகிதம். அவளுக்கு வரவில்லை, வேறு ஒருவர் கைப்பேசியில் சும்மா கிடந்திருக்கிறது.

"அத வெச்சுக்கிட்டு ஏங்க சும்மா இருந்தீங்க?"

"பயம். அப்புறம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பெரிய மெயில் எழுதினேன், மூணு பக்கம். பதிலே வரல."

"அனுப்புங்க, பார்க்கலாம்."

மூன்று பக்கமும் புலம்பல். பிள்ளைகளின் பள்ளி, அம்மாவின் கண் அறுவை, முன்பு வேறிடங்களில் பெற்ற பன்னிரண்டு வருட அனுபவம், கைகுலுக்கியின் குணம். அந்த மெசேஜ் மூன்றாம் பக்கத்தின் கடைசியில், ஒரு ஓரத்தில் இருந்தது. அவள் தன்னுடைய அழித்துப்போட்ட மெயிலையே பார்ப்பது போல உணர்ந்தாள்.

"உங்க கஷ்டம் எல்லாம் நிஜம்தான். ஆனா படிக்கிறவருக்கு அது வேலை இல்ல" என்றாள் போனில். "அவங்க பிரச்சினை என்ன? ஒரு வாடிக்கையாளர் கையில உங்க கம்பெனி பேர்ல பொய்யான உறுதிமொழி இருக்கு. அத யார் எழுதச் சொன்னாங்கன்னு அவங்களுக்குத் தப்பாத் தெரியும். அந்த ஆள் இன்னும் எத்தன பேருக்கு அப்படி எழுதியிருக்காருன்னு தெரியாது. அதுல இருந்து தொடங்குங்க. மெசேஜ படம் எடுத்து நடுவுல வைங்க. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேளுங்க."

"வேலைய திருப்பிக் கேக்கவா?"

"அது அவங்களுக்குப் பெரிய முடிவு. தள்ளிப் போடுவாங்க. சின்னதாக் கேளுங்க. கிடங்குப் பொறுப்பாளருக்குப் பத்து நிமிஷம் போன் பண்ணச் சொல்லுங்க. அந்த மேடையில அவர் உங்க மேல பழி போட்டத அந்த அம்மா காதால கேட்டாங்க. நான் அவங்ககிட்ட சம்மதம் வாங்கித் தரேன்."

பொறுப்பாளர் உடனே சம்மதித்தார். "எப்ப வேணா கூப்பிடச் சொல்லுங்க. அன்னைக்கே நான் பேசியிருக்கணும்" என்றார்.

பதினோரு வரியில் ஒரு மெயில் போனது. அவர் பெயரில், அவர் எழுதியதாக. அவள் இரண்டு சொல் மட்டும் மாற்றினாள். அந்த இரண்டு சொல்லை மாற்றும்போது நியாயம் செய்கிறோம் என்று அவள் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவில்லை. கத்தியைத் தீட்டுவது போலத்தான் இருந்தது. தீட்டிய கத்தி ஒருவருக்குச் சோறும் போடும் என்றால் போகட்டும் என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பொறுப்பாளருக்குப் போன் வந்தது. பத்து நிமிடம் கேட்டவர்கள் நாற்பது நிமிடம் பேசினார்களாம். அடுத்த வாரம் கைகுலுக்கி அனுப்பிய பழைய உறுதிமொழிகளையெல்லாம் தோண்டினார்கள். இன்னும் ஆறு இடத்தில் அதே அறுபது நொடி. மாத முடிவில் அவரை ராஜினாமா எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முதலில் அவர் போகலாமா வேண்டாமா என்று யோசித்தார், பிறகு போனார்.

"சேர்ந்துட்டேங்க" என்று போன் செய்தார். "ஒரு கடிதமும் தந்தாங்க. என் மேல தப்பில்லன்னு."

"பத்திரமா வெச்சுக்குங்க" என்றாள்.

அவளுக்கு அப்படி ஒரு கடிதம் யாரும் தரவில்லை. தர வேண்டியவர்களில் பாதிப்பேர் அங்கே இப்போது இல்லை. மீதிப்பேருக்கு அவள் பெயரே நினைவிருக்காது. அன்று கொஞ்ச நேரம் அது வலித்தது.

அடுத்த வாரம் ஒரு பால் பண்ணையில் கருவி காட்ட உள்ளே நுழையும் முன் கைப்பேசி அடித்தது. எண்ணைப் பார்த்தவுடனேயே தெரிந்தது. ஆறு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த எண்.

"இப்ப திருப்தியாம்மா?" என்றார் கைகுலுக்கி. குரலில் தேன் இல்லை. வயதானவர் குரலாக இருந்தது.

அவள் நின்று, கேள்வியை உண்மையாகவே யோசித்தாள்.

"முழுசா இல்ல சார்" என்றாள். "முக்கால்வாசி."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். பால் பண்ணை மேலாளர் வாசலில் காத்திருந்தார். அவரோடு உள்ளே போய், குறிப்பேட்டில் புதிய பக்கத்தைத் திறந்து, "உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு முதல்ல நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.